‘படித்தது நான்’: ஒரு பட்டப் பதிவைத் திருத்தி எழுதிய அனுபவம்

எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி பொறியியல் பட்டம் வாங்கியிருக்கிறாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட ஒரு பதிவு எழுதி, “டீச்சர், பிழை மட்டும் பாத்துக் குடுங்க” என்று எனக்கு அனுப்பினாள். சந்திப்பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தி அனுப்பிவிட்டால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். முடியவில்லை. பதிவை அவள் வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறாள், கேட்டுவிட்டு அம்மா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். “ஏன்னே தெரியல டீச்சர்” என்று மறுநாள் போன் செய்தாள்.

நான் தென்காசி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. இந்த மாதிரிப் பதிவுகள் அடிக்கடி என்னிடம் வரும். முதல் பட்டதாரிப் பிள்ளைகள் எழுதுவதெல்லாம் ஏறத்தாழ ஒரே பதிவுதான். இந்தப் பதிவு கடைசியில் உருப்படியாக வந்ததால், வேலை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். அவளிடமும் அவள் வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்.

அவள் அனுப்பிய முதல் வரைவு இது:

“இந்தப் பட்டம் வெறும் காகிதம் அல்ல. என் தாயின் கண்ணீர், என் தந்தையின் வியர்வை, என் அண்ணனின் கனவு. ஒரு வேளைச் சோற்றுக்கே வழியில்லாத ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள் நான். மெழுகுவர்த்தியாய் உருகி எனக்கு வெளிச்சம் தந்த அம்மா. வெயிலில் கருகிய அப்பா. எனக்காகத் தன் படிப்பையே தியாகம் செய்த அண்ணன். எத்தனையோ இரவுகள் பட்டினியோடு படித்திருக்கிறேன். கேலி செய்தவர்கள் ஆயிரம் பேர். கை கொடுக்க ஒருவரும் இல்லை. எல்லா வலிகளையும் தாண்டி இன்று நான் பட்டதாரி. என்னை அவமானப்படுத்தியவர்களுக்கு இந்தப் பட்டம் சமர்ப்பணம்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

“என்னைக்கு டீச்சர் இவளப் பட்டினி போட்டேன்? ரேஷன் அரிசி இருக்கு, நான் சுத்துத காசு இருக்கு. காலைல அஞ்சரைக்குச் சோறு கெட்டிக் குடுத்துட்டுத்தான் இலையவே எடுப்பேன். நாலு வருசம். ஒரு நா டப்பா இல்லாம பஸ் ஏறிருக்காளான்னு கேளுங்க. ஊரெல்லாம் வாசிக்கும்லா, இவ அம்மா சோறு போடலன்னு.”

மகள், “அது சும்மா எழுதுததும்மா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க” என்றாள். அம்மா தலையைத் தூக்கவில்லை.

இந்தச் சண்டையில்தான் செய்ய வேண்டிய வேலை என்னவென்று எனக்குப் பிடிபட்டது. அம்மாவைப் புகழத்தான் அவள் எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த அம்மா நான்கு வருடம் எதைத் தவறாமல் செய்தாரோ, அதையே ‘பட்டினி’ என்ற ஒரு சொல் இல்லாமல் ஆக்கிவிட்டது. கஷ்டத்தைக் கூட்டிக் காட்டக் காட்ட, அந்தக் கஷ்டத்தைச் சமாளித்தவர் சின்னவராகிறார்.

மறுநாள் வரைவை இரண்டு வரிக்கு இடையில் நல்ல இடைவெளி விட்டு அச்செடுத்துவரச் சொன்னேன். ஏ4 தாளில் ஒரு பக்கம், இரண்டு பிரதி. போனில் வைத்துத் திருத்தினால் சொல் மாறும், வாக்கியம் மாறாது என்பது என் அனுபவம். தாளில் கோடு போட்டு அம்புக்குறி இழுத்தால்தான் வாக்கியத்தைக் கழற்ற மனம் வரும். ஒரு பென்சில், ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. கருவி அவ்வளவுதான்.

பென்சிலால் முதலில் எழுவாயையும் பயனிலையையும் அடிக்கோடிடச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் செய்த அதே பயிற்சி. இட்டுப் பார்த்ததும் அவளே நிமிர்ந்து பார்த்தாள். ‘என் தாயின் கண்ணீர்’ என்பதில் தாய் எழுவாய் இல்லை, ஆறாம் வேற்றுமையில் கண்ணீரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். ‘வெயிலில் கருகிய அப்பா’ என்பதில் பயனிலையே கிடையாது. ‘உருகி வெளிச்சம் தந்த அம்மா’வும் அப்படித்தான், பாதியில் நிற்கும் தொடர். முழு வாக்கியமாக ஓடி, எழுவாயும் பயனிலையும் சேர்ந்து நிற்கும் இடங்களில், வீட்டு ஆட்களில் எழுவாயாக வருவது ‘நான்’ மட்டும். பிறந்தவள் நான், படித்திருக்கிறேன், இன்று நான் பட்டதாரி. வீட்டில் மூன்று பேர் வேலை செய்திருக்கிறார்கள். பதிவிலோ ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. மூவரும் உருகிக்கொண்டும் கருகிக்கொண்டும் இருக்கிறார்கள்.

தன்னிரக்கம் என்பது அழுகைச் சொற்களால் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொற்களை எடுத்துவிட்டாலும் அது போகாது. குடும்பத்தார் வாக்கியத்தில் செய்பவராக வராமல் ‘எனக்கு’ நேர்ந்ததாக வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

அடுத்தது நீலப் பேனா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ‘எப்போது? எங்கே?’ என்று எழுதினேன். பதில் சொல்ல முடிந்தால் வாக்கியம் நிற்கும், முடியாவிட்டால் வட்டம். பட்டினிக்கு எப்போது என்று சொல்ல முடியவில்லை. கேலி செய்தவர்கள் ஆயிரம் பேர் இல்லை, ஒரே ஒருவர்: அம்மாவின் தம்பி. பிளஸ் டூ முடித்ததும், “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இஞ்சினியரிங்” என்று கேட்டிருக்கிறார். ‘கை கொடுக்க ஒருவரும் இல்லை’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கவுன்சலிங்கில் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி வைத்தாளே, கல்விக் கட்டணம் யார் கட்டினார்கள் என்று கேட்டேன். 2010-இல் வந்த சலுகை அது. குடும்பத்தில் முதலில் பட்டப் படிப்புக்குப் போகும் பிள்ளை தொழிற்கல்வியில் ஒற்றைச் சாளர முறையில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. “அதச் சொன்னா என் கஷ்டம் கொறஞ்ச மாதிரி ஆயிரும்லா டீச்சர்” என்றாள். அவள் சொன்னது உண்மையான பயம், அதனால் அப்போது பதில் சொல்லவில்லை. வட்டம் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பத்து வாக்கியங்களுக்கு மேல் இருந்த வரைவில் வட்டம் விழாமல் தப்பியது இரண்டு: அவள் பட்டதாரி என்பது, அண்ணன் படிப்பை விட்டான் என்பது. இரண்டாவதும் அடுத்த கட்டத்தில் விழுந்தது.

அவள் வீட்டாரிடமே கேட்பதுதான் அடுத்த கட்டம். ‘எனக்காக என்ன தியாகம் செய்தீர்கள்’ என்று கேட்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்தேன். அப்படிக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று முடித்துவிடுவார்கள். அன்றாட வேலையைக் கேட்க வேண்டும். காலையில் எழுந்தால் முதலில் என்ன, அப்புறம் என்ன, எது கஷ்டம், எதில் நீங்கள் கெட்டிக்காரர். போனில் பதிவு செய்துகொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவிடம் உட்கார்ந்தாள்.

அம்மா சொன்னதில் பாதி மகளுக்கே புதிது. இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது, அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டுவது, நரம்பு தடித்த இலையை ஒதுக்குவது, தூள் அளவு கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்பது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. இருபத்தைந்து ஒரு கட்டு, ஆக நாற்பது கட்டு. சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழிப்பார்கள். கழித்தால் கூலியும் போகும், இலையும் போகும். “என் கட்டுல கழிவு வராது. கேட்டுப் பாரு, கடையில” என்று அம்மா சொன்ன இடத்தில் குரல் மாறுவது ஒலிப்பதிவில் நன்றாகக் கேட்கிறது. பதிவில் அவர் இருக்க விரும்பிய இடம் அது. மகள் அவரை நிறுத்தியிருந்ததோ மெழுகுவர்த்திக்குள்.

அப்பா கேரளாவில் டைல்ஸ் போடுகிறார். மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவார். போனில் அவர் அதிகம் பேசவில்லை. “நான் என்ன செஞ்சேன், பணம் அனுப்புனேன்” என்றார். அவரைப் பற்றி எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவள் வருத்தப்பட்டாள். போனில் உன்னிடம் என்ன கேட்பார் என்றேன். அப்போதுதான் சொன்னாள். மூன்றாம் செமஸ்டரில் அவளுக்கு இரண்டு பேப்பர் போய்விட்டது. வீட்டில் அம்மாவுக்குச் சொல்லவில்லை, அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “ரெண்டுல எத்தன முடிஞ்சுது?” எட்டாவதோடு நிறுத்திய மனிதர் அரியர் என்றால் என்ன, எப்போது மறுபடி எழுதலாம், ரிசல்ட் எப்போது வரும் என்பதையெல்லாம் மகளிடமே கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். ஐந்தாம் செமஸ்டரில் “ரெண்டும் முடிஞ்சுது” என்று சொல்லும்வரை விடவில்லை. இதை அவள் ஒரு விஷயமாகவே எண்ணியிருக்கவில்லை.

அண்ணனிடம் வரைவை அனுப்பிவிட்டுக் கேட்டோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி கூப்பிட்டான். “நான் எங்கம்மா படிப்பத் தியாகம் பண்ணேன்? பத்தாப்புல கணக்குல போயிட்டு. மறுபடி எழுதப் பிடிக்கல, திருப்பூர் போனேன். உனக்காவன்னு போட்டா என் கூட்டுக்காரனுவ சிரிப்பானுவ. எனக்கு இந்த வேல பிடிச்சுதான் செய்யேன்” என்றான். தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. அண்ணன் செய்த தியாகம்தான் அவள் மனதில் பதிவின் நடுத்தூணாக இருந்தது. உண்மையில் அவன் தோற்றுப்போனதை அவள் தியாகம் என்று அழகாக்கியிருக்கிறாள், அதில் அவனுக்கு மரியாதை இல்லை.

இந்தப் பதில்களை வைத்து அவள் எழுதிய இரண்டாவது வரைவு நேர் எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. ‘என் அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா டைல்ஸ் வேலை செய்கிறார். அண்ணன் பனியன் கம்பெனியில் பணிபுரிகிறார். இவர்கள் ஆதரவால் நான் பட்டம் பெற்றேன். அனைவருக்கும் நன்றி.’ பொய் ஒன்றும் இல்லை, அழுகையும் இல்லை. ஆனால் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசித்துவிட்டு அவளே, “முதல் பட்டதாரி சான்றிதழுக்கு எழுதிக் குடுத்த ஃபார்ம் மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள். அந்த வாசகத்தை நான் தாளின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் உதவியது.

இங்கே வேலை நின்றது. சுருக்கி எழுதினால் போதும் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். போதாது. ஒரு ஆளுக்கு ஒரு செயல் வேண்டும். எந்தச் செயல் என்று தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் வைத்தோம். அதை அவர் வேண்டுமென்றே செய்தாரா, செய்யாமலும் விட்டிருக்கலாமா? அவள் அதைக் கண்ணால் பார்த்தாளா அல்லது காதால் கேட்டாளா? அதை ஒரு வாக்கியத்தில், பெயரடை இல்லாமல் சொன்னால் விளங்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு ஐந்தரை மணிச் சோறு. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி. அண்ணனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பணம் அனுப்பினான், ஆனால் பணம் எல்லா அண்ணன்களும் அனுப்புவார்கள். 2020-ஐப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் அது வெளியே வந்தது. ஊரடங்கில் பள்ளி மூடியிருந்த காலம். அவள் அப்போது பிளஸ் டூ. நாங்கள் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தோம். அவள் பாடம் பார்த்த போன் யாருடையது என்று கேட்டேன். அண்ணனுடையது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன். ஊரடங்கில் ஊருக்கு வந்திருந்தவன், கம்பெனிகள் திறந்ததும் அதை இவளிடம் கொடுத்துவிட்டுப் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு திருப்பூர் போயிருக்கிறான். பிளஸ் டூ முடியும்வரை திருப்பிக் கேட்கவில்லை. இருபது வயதுப் பையன், வெளியூரில், ஏறத்தாழ ஒரு வருடம் ஸ்மார்ட்போன் இல்லாமல். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயருக்குப் பதிலாக ஒரு பையன் படம் இருந்தது நினைவுக்கு வந்தது. படிப்பை விட்டது அவன் முடிவு என்று அவனே சொல்கிறான், அதை மதிக்க வேண்டும். போனைக் கொடுத்ததும் அவன் முடிவுதான். அதை எழுதலாமா என்று கேட்டதற்கு, “அது வேணா போடு” என்றான்.

மூன்றாவது வரைவை எழுதி முடித்ததும் மூவருக்கும் வாசித்துக் காட்டினாள். இந்தக் கட்டத்தில் பதிவின் மிக நல்ல விவரம் ஒன்றை நாங்கள் இழந்தோம். கல்லூரி பஸ் கட்டணத்துக்காக அம்மா அந்த நான்கு வருடமும் ஆயிரத்துக்கு மேல் தினமும் இருநூறு பீடி கூடுதலாகச் சுற்றியிருக்கிறார். எட்டுக் கட்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து சுற்றியது. எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கண்ணால் பார்த்தது. எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது. அம்மா கேட்டதும், “அத எடுத்துரு” என்றார். பீடிக்கடை பாஸ்புக்கில் அவருக்குக் கொடுக்கும் இலை ஆயிரத்துக்குத்தான். கூடுதல் இருநூறு பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்புக்கில் போயிருக்கிறது. அவருக்குக் கை வலி, முழுக்கச் சுற்ற முடியாது, இவர் சுற்றிக் கொடுத்துக் கூலியை வாங்கிக்கொண்டார். ஊரில் நடப்பதுதான். ஆனால் ஆயிரத்து இருநூறு என்று ஊரறியப் போட்டால், கடையில் இருப்பவர்களும் பார்ப்பார்கள், கேள்வி பக்கத்து வீட்டுக்குப் போகும். ‘இரவில் கூடுதலாகச் சுற்றினார்’ என்று மழுப்பலாம் என்றாள் மகள். அதுவும் வேண்டாம் என்றார் அம்மா. எடுத்துவிட்டோம். தியாகத்தைச் சொல்கிறேன் என்று சொல்லப்படுகிறவரின் வீட்டுக் கதவைத் திறந்து வைக்க நமக்கு உரிமை இல்லை. அடகு வைத்த நகை, வாங்கிய வட்டி, உடம்பு நோவு எல்லாம் இந்த வகைதான், கேட்காமல் போடக் கூடாது.

எடுத்த இடத்தில் அம்மா ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். கழிவு வராது என்பதை. அதைச் சேர்த்ததும் பத்தி நிமிர்ந்துவிட்டது. பரிதாபத்துக்குரியவராக இருந்தவர் கைத்திறன் உள்ளவராக மாறினார். கூடுதல் இருநூறை விட இது நல்ல விவரம் என்று இப்போது நினைக்கிறேன்.

மாமாவுக்கான கடைசி வரியை விட அவளுக்கு மனமில்லை. நான்கு வருடம் அந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாள், அது நியாயம்தான். அம்மாதான் தீர்த்து வைத்தார். “நாம சந்தோசத்துல எழுதுததுல அவனுக்கு எதுக்குட்டி கடைசி வரியக் குடுக்க?” சிவப்புப் பேனாவால் நான் அடித்தது அந்த ஒரு வரியைத்தான், மற்றதையெல்லாம் அவளே அடித்தாள்.

அதற்குப் பதில் பதிவை எப்படி முடிப்பது? ‘இந்த வெற்றி முழுக்க அவர்களுடையது’ என்று முடிக்கலாம் என்றாள். அதுவும் பொய். அரியர் இரண்டையும் இரவு உட்கார்ந்து படித்து முடித்தது அவள். குடும்பத்தைப் பெரிதாக்க அவள் தன்னை அழித்துக்கொள்ள வேண்டியதில்லை. தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் தன்னிரக்கத்தின் இன்னொரு முகம்தான். யார் என்ன கட்டினார்கள் என்று கணக்காகவே எழுது என்றேன். எழுதும்போது, முன்பு வட்டம் போட்டு விட்டிருந்த அரசுச் சலுகையும் தானாக உள்ளே வந்தது. கணக்கில் அதை விட்டால் கூட்டல் சரியாக வராது. அந்தச் சலுகையைச் சொன்னதால் வீட்டார் செய்தது குறையவில்லை என்பதையும் அவளே பார்த்தாள். கல்விக் கட்டணத்துக்கு வெளியே பஸ், பரீட்சைக் கட்டணம், புத்தகம், சாப்பாடு என்று எவ்வளவோ இருக்கிறது, அதுதான் வீட்டின் பங்கு.

முதல் வரி கடைசியாகத்தான் கிடைத்தது. போன் திரையில் மூன்று நான்கு வரிக்குப் பிறகு மீதி மறைந்துவிடும், தட்டினால்தான் தெரியும். ‘வெறும் காகிதம் அல்ல’ என்று தொடங்கினால் யாரும் தட்ட மாட்டார்கள், நூறு பேர் அப்படி எழுதியாகிவிட்டது. தாளின் ஓரத்தில் குறித்து வைத்திருந்த ‘ஃபார்ம் மாதிரி இருக்கு’ அப்போது கண்ணில் பட்டது. அதிலிருந்தே தொடங்கினோம். முதலில் அவள் ‘அவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை’ என்று எழுதினாள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். ‘யாரும் கேட்கவில்லை’ என்ற இடத்தில் அவள் குரல் தானாக இறங்கியது, மேடைப் பேச்சுக் குரல். பழையது பின்வாசல் வழியாக மறுபடி வந்திருந்தது. ‘இங்கே எழுதுகிறேன்’ என்று மாற்றினாள். வாய்விட்டு வாசிப்பதைப் போல இதைப் பிடிக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

போட்ட பதிவு இது:

“2021-இல் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கப் போனபோது தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

அம்மா பீடி சுற்றுகிறார். ஒரு நாளைக்கு நாற்பது கட்டு. அவர் கட்டில் கழிவு வராது. நான் கல்லூரிக்குப் போன நான்கு வருடமும் காலை ஐந்தரைக்கு எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இலையை எடுத்தார். ஒரு நாள்கூட நான் டப்பா இல்லாமல் பஸ் ஏறியதில்லை.

அப்பா கேரளாவில் டைல்ஸ் போடுகிறார். மூன்றாம் செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர் விழுந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் ‘ரெண்டுல எத்தன முடிஞ்சுது?’ என்று கேட்டார். ஐந்தாம் செமஸ்டரில் இரண்டும் முடிந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அண்ணன் திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர். 2020-இல் எனக்கு வாட்ஸ்அப்பில் பாடம் நடந்தது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவனுடையது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு பட்டன் போனோடு வேலைக்குப் போனான்.

கல்விக் கட்டணத்தை அரசு கட்டியது. மற்ற எல்லாச் செலவையும் இவர்கள் மூன்று பேரும் கட்டினார்கள். படித்தது நான். பி.இ., இ.சி.இ., 2025.”

அம்மாவையும் அப்பாவையும் ‘ஆர்’ போட்டு எழுதுவதா என்று அவளுக்கு ஒரு தயக்கம் இருந்தது, வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. ஊருக்கு எழுதுவது என்பதால் ஆர் விகுதியே இருக்கட்டும், அண்ணனை மட்டும் அவன் என்றே எழுது என்றேன். ‘அண்ணன் கொடுத்தார்’ என்றால் அந்த வயதும் நெருக்கமும் போய்விடும்.

படத்துக்கும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. பட்டமளிப்பு அங்கியை அம்மாவுக்குப் போட்டு எடுப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அம்மா, “அது உன் உடுப்பு” என்று மறுத்துவிட்டார். தட்டோடு அம்மா கீழே இருக்க, அங்கியோடு மகள் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். வேலை செய்து கொண்டிருப்பவர் அதில் அலங்காரப் பொருளாகத் தெரிந்தார், அதனால் வேண்டாம் என்றேன். அண்ணன் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வீட்டு வாசலில் நின்று எடுத்த படத்தைப் போட்டாள். அங்கி இல்லை, எல்லோரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் இருக்கிறார்கள்.

செலவு என்று பார்த்தால் அச்செடுத்த காசுதான், ஐம்பது ரூபாய்க்குள். நேரம்தான் நிறையப் போனது. அதில் பெரும் பங்கு மூன்று பேரிடமும் பேசியதற்கு, எழுதியதற்கு இல்லை.

அடுத்த தடவை வரிசையை மாற்றுவேன். வரைவு எழுதிய பிறகு வீட்டாரிடம் போனதால், எழுதிவிட்டதைக் காப்பாற்றும் வேலையே பாதி நேரம் நடந்தது. தியாகம் என்ற சொல்லை விட அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது! பேச்சை முதலில் பதிவு செய்துகொண்டு, எதைப் போடலாம் எதைப் போடக் கூடாது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு, பிறகு எழுத உட்கார்ந்திருந்தால் முதலிரண்டு வரைவுகளும் தேவைப்பட்டிருக்காது. வேலை தேடும் தளத்தில் ஆங்கிலத்தில் போட இதே பதிவை மொழிபெயர்த்துத் தரச் சொன்னாள், அதற்கு நான் ஒப்பவில்லை. அங்கே வாசிப்பவர் வேறு, அவருக்குக் கட்டு என்றால் தெரியாது, அரியரை அங்கே சொல்லலாமா என்பது தனிக் கேள்வி. அதைத் தனியாக, புதிதாகத்தான் எழுத வேண்டும்.

இந்த வாரம் இன்னொரு பையன் வந்திருக்கிறான். பாட்டியிடம் வளர்ந்தவன், பி.காம். முடித்திருக்கிறான், பதிவை எழுதி போனிலேயே வைத்திருக்கிறான். அதை நான் இன்னும் வாங்கிப் பார்க்கவில்லை. பாட்டி எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்று கேட்டிருக்கிறேன்.